ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கட்டம்

சேக்காட்டில், ஒரே சுற்றுச்சுவருக்குள் அண்ணன் தேவராஜின் குடும்பமும் தம்பி கஜபதியின் குடும்பமும் வாழ்ந்துவந்தன. அறைகள் வேறு வேறாயினும் சமையலறை ஒன்றே. ஆகவே மளிகைப் பட்டியலும் ஒன்றே. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் தேவராஜுக்குச் சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொன்ன நாள்முதல், அந்தச் சமையலறையின் ஆட்சி முழுவதையும் அவனுடைய மனைவி நாகவல்லி தன் தலைமேல் போட்டுக்கொண்டாள்.

பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் அளவுகோல் வைத்து அவள் கட்டங்கள் போட்டாள். கீழ்நோக்கி ஏழு கிழமைகள். குறுக்கே காலை, மதியம், மாலை, இரவு. திங்கள் காலை இட்லியும் சாம்பாரும். செவ்வாய் இரவு சப்பாத்தியும் சுரைக்காய்க் கூட்டும். புதன் மதியம் மீன் குழம்பு. மாலை தோறும் சுண்டலோ அவித்த பயறோ. எல்லாருக்கும் ஒரே குழம்பு, ஒரே கீரை. தேவராஜின் தட்டில் மட்டும் சோறு ஒரு கிண்ணத்தோடு நிற்கும், கீரை இரட்டிப்பாகும். உருளைக்கிழங்குப் பொரியல் பிள்ளைகளின் பக்கமே போகும். இந்த அட்டவணையைப் பார்த்துத்தான் வாராவாரம் மளிகைப் பட்டியல் எழுதப்பட்டது. கேழ்வரகு, கோதுமை, கொண்டைக்கடலை ஆகியவை ஏறின. சர்க்கரை, வெல்லம், பிஸ்கட் மூன்றும் அடியோடு நீங்கின.

"யக்கா, நோவு மாமாவுக்கு; ஜெயிலு எங்களுக்கா?" என்று கஜபதியின் மனைவி பூங்காவனம் கேட்டாள். "சக்கரை இல்லாத காப்பிய என் புள்ளைங்க மூஞ்சிமேல துப்புதுங்க."

"ஊட்ல இருந்தா கை போவத்தான் போவும். வெசத்த வாங்கி டப்பால அடைச்சிகினு காவல் காக்க சொல்றியா?"

"வெசமாம்! அப்போ நான் இத்தினி வருசமா செத்துத்தான் கெடக்கறேன், போ."

அடுத்த பரிசோதனையில் தேவராஜின் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. அதன்பிறகு நாகவல்லியை எதிர்த்து எவரும் வாய் திறக்கவில்லை.

ஆடி மாதம் பிறந்தது. அம்மன் கோவிலில் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. கோவில் கூழ் வாயில் படும்வரை பெரியவர்கள் எவரும் எதையும் உண்பதும் இல்லை. நாகவல்லி அந்தக் காலைக் கட்டத்தில் இருந்த கேழ்வரகு தோசையை அழித்துவிட்டு, 'கூழ், கோவில்' என்று எழுதினாள். அதுவும் கேழ்வரகு, இதுவும் கேழ்வரகு. சாமிக்கும் குறையில்லை, உடம்புக்கும் குறையில்லை என்று அவள் மனம் நிறைந்தது.

அன்று காலை, வழக்கம்போல் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பாக விழுங்க வேண்டிய மாத்திரையைத் தேவராஜ் விழுங்கினான். பிறகு கோவிலுக்குப் போய்ப் பெரிய அண்டாவில் துடுப்புப் போட்டுக் கூழ் கிண்டினான். பூசை முடியாமல் கூழ் இறங்காது. உச்சிவெயில் நெருங்கும் வேளையில், கூழ் வாங்கக் குண்டான் எடுத்துவருவதற்காக அவன் வீடு திரும்பினான்.

வாசற்படியில் கால் வைத்தவன் அப்படியே சரிந்து உட்கார்ந்தான். சட்டை தொப்பலாக நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. விரல்கள் நடுங்கின. நாகவல்லி ஓடிவந்து முகத்தைத் தொட்டாள். பச்சைத் தண்ணீரில் முக்கியெடுத்ததுபோல் சில்லிட்டிருந்தது.

"இன்னாங்க! இன்னா பண்ணுது?"

அவன் கண்கள் அவளைப் பார்த்தும் பாராமலும் அலைந்தன. நாக்கு குழறியது. "வள்ளி... சக்கர... சக்கர குடு."

சர்க்கரை தலைக்கேறிவிட்டது, அதனால்தான் புத்தி பேதலித்துச் சர்க்கரையையே கேட்கிறான் என்று அவள் முடிவுகட்டினாள். அலமாரியிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கினாள். தன்னை நோக்கி நீண்ட அவனது கையைத் தட்டிவிட்டாள்.

"சாவறதுக்கா கேக்கற? வாயத் தெற. மாத்திர போட்டா எறங்கிடும்."

"யக்கா, நில்லு!" பூங்காவனம் குறுக்கே பாய்ந்தாள். "இன்னாமோ கேக்குறாரே மனுசன்!"

"அவுரு சுய நெனவுல இல்லடி!"

"இல்லாட்டி போவுது. மாமா வாயத் தொறந்து ஒண்ணு கேட்டு நான் பாத்ததே இல்ல."

பூங்காவனம் தன் அறைக்குள் ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு பவுடர் டப்பா இருந்தது. மூடியைத் திருகித் தம்ளர் தண்ணீரில் கவிழ்த்தாள். பொலபொலவென்று கொட்டியது சர்க்கரை. தன் கூரைக்குக் கீழே, தனக்குத் தெரியாமல் இருந்த அந்த வெண்மையை நாகவல்லி பார்த்தாள். தடுக்க வேண்டிய கை எழவில்லை. பூங்காவனம் அவன் தலையை நிமிர்த்திப் பிடித்து, அவன் விழுங்க விழுங்க வாய்வாயாகப் புகட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் விரல் நடுக்கம் அடங்கியது. அவன் கண்கள் ஓரிடத்தில் நிலைத்தன. "பசிக்குது," என்றான். பிள்ளைகளுக்காக எடுத்துவைத்திருந்த முதல் நாள் சோற்றைப் பூங்காவனம் மோர் விட்டுப் பிசைந்து கொடுத்தாள். அதற்குள் பிள்ளைகள் ஓடிப்போய்ச் சொல்லி, கஜபதி ஆட்டோவோடு வந்துவிட்டான்.

மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் இரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"காலையில என்னம்மா சாப்பிட்டார்?"

"கூழு சார்," என்றாள் நாகவல்லி, அட்டவணையைக் கண்ணுக்குள் பார்த்தபடி.

"எத்தனை மணிக்கு?"

கட்டத்தில் காலை என்று எழுதியிருந்தது. கோவிலில் அந்தக் காலை இன்னும் விடியவேயில்லை.

"இன்னும்... குடிக்கல, சார்."

"சாப்பிடாம மாத்திரை மட்டும் உள்ள போனா சர்க்கரை ஏறாதும்மா. கீழ போயிடும். இது ஏறினதால வந்த மயக்கம் இல்ல, இறங்கினதால வந்தது. அந்த நேரத்துல சர்க்கரைதான் மருந்து."

"நான் இன்னொரு மாத்திர போடப் பாத்தேன், சார்."

மருத்துவர் எழுதுவதை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் கட்டிலின் கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

"மாத்திரையோட வேகம் இன்னும் இருக்கு. மறுபடியும் இறங்கலாம். இங்கயே வெச்சிப் பாத்துக்கறோம்," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

தேவராஜ் தலையணையில் சாய்ந்து கிடந்தான். அவனுக்கு எதுவும் நினைவிருக்காது என்று நாகவல்லி தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

"கையத் தட்டிவுட்ட நீ," என்றான் அவன், கூரையைப் பார்த்தபடி.

நாகவல்லி கட்டிலருகே குனிந்தாள். "தெரிஞ்சிதா உனக்கு?"

"எல்லாம் தெரிஞ்சிது. நாக்குதான் பொரளல."

"இப்டி ஆவும்னு உனக்குத் தெரியுமா?"

"மாத்திர எழுதிக் குடுத்தப்பவே டாக்டரு சொன்னாரு. வேர்த்து நடுங்கினா ஒடனே சக்கரையப் போட்டுக்கோ, ஊட்ல சொல்லி வைன்னாரு."

"அடப்பாவி! ஏன் சொல்லல?"

தேவராஜ் முகத்தை அவள் பக்கம் திருப்பினான். "சொல்லத்தான் வந்தேன். நீ சக்கர டப்பாவக் கழுவி வெயில்ல கவுத்துகினு இருந்த. எனக்கு ஒடம்பு சரியானவுடனே எங்கெங்கயோ போலாம்னு அவ்ளோ சந்தோசமா பேசிகினு இருந்த. அப்புறம் சொல்லலாம்னு வுட்டுட்டேன்."

வாசலில் பூங்காவனம் இட்லிப் பொட்டலத்தோடு வந்து நின்றாள். "யக்கா, கடையில சாம்பாரு இல்ல, சட்னிதான் கெடச்சிது. மாமாவுக்கு எத்தினி வெக்கட்டும்?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று தயங்கினாள்.

நாகவல்லி பொட்டலத்தை வாங்கவில்லை.

"அவுரையே கேளு," என்றாள்.