மதுரனின் சார்ஜர்

அன்று வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நான், என் மகள் தனுஜா, அவளைப் பெண் பார்க்க வந்த மதுரன், அவன் தகப்பனார் செல்லசாமி. எங்கள் குடும்பத்துப் பெண், பெரியவர்கள் முன் வாய் திறக்கமாட்டாள் என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். போனுக்காக மதுரன் சுவரில் சொருகியிருந்த சார்ஜரிலிருந்து, பிளாஸ்டிக் கருகும் நாற்றத்தோடு புகை கிளம்பியது.

மதுரன் அதைப் பிடுங்கக் கை நீட்டினான். செல்லசாமி தண்ணீர்ச் செம்பைத் தூக்கினார்.

"தொடாதீங்க. மாமா, தண்ணி ஊத்துனா கரண்ட் அடிக்கும், செம்ப கீழ வைங்க" என்றாள் தனுஜா. வாசலருகே இருந்த மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எங்களை வெளியே விரட்டினாள்.

புகை அடங்கும்வரை வாசலில் நின்றோம். சம்பந்தம் கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தேன்.

"வாயே தெறக்காதுன்னு சொன்னீங்க" என்றார் செல்லசாமி.

"தேவப்பட்டா தெறக்கும்ங்க."

"எங்க வீட்டுக்குத் தேவைதாங்க. இவன் எதையும் கைய வச்சுத்தான் பாப்பான்."

தை மாதம் கல்யாணம். தனுஜா மாமனார் தலையில் தண்ணீர் ஊற்றினாள் என்று தோட்டத்தில் பேசுகிறார்கள். அது பொய். செம்பைக் கீழே வைக்கும்போது தன் வேட்டியை நனைத்துக்கொண்டவர் அவரேதான்.