இருபத்திரண்டாம் நிமிடம்

காணொளிக் கூட்டம் தொடங்கி இருபத்திரண்டு நிமிடமாகியிருந்தது. காது சரியாகக் கேட்காத வடிவமைப்பாளர், பேசுவதை எழுத்தில் காட்டும் கேப்ஷனைப் போடச் சொல்லி மூன்றாம் முறையாக சாட்டில் எழுதினாள். கூட்டத்தை நடத்தும் மேலாளர் அனுமதித்தால்தான் அது அவள் திரையில் வரும். அவளுடைய வாடிக்கையாளர்களை இனி யார் பார்ப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

“சார், அக்கா சாட்ல கரடியா கத்துறாங்க,” என்றான் உடன் வேலை செய்பவன்.

“அடடா, மறந்தே போச்சு. இதோ.”

முதல் வரி திரையில் ஓடியது: “அப்போ எல்லாருக்கும் சம்மதம்தானே?”

நான்கு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அவள் முழு எழுத்துப் பதிவைத் திறந்தாள். அதுவும் அந்த வரியில்தான் தொடங்கியது. அதற்கு முன் பேசிய எதுவும் அதில் இல்லை.

மைக்கைத் திறந்தாள்.

“எதுக்கு சார் சம்மதம்?”