கடைக்குப் போய்வரும் பாடம்

ஜோடியாகப் போன இரண்டு பிள்ளைகளில் ஒருத்திதான் திரும்பி வந்தாள்.

கையில் ஸ்க்ரூ பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்தபடி குடியிருப்பு ஹாலுக்குள் ஓடி வந்தவள் மருந்துக்கடைக்காரரின் மகள். பதினொரு வயது. எதற்கும் மருந்து சொல்வதால் பிள்ளைகள் அவளை ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“தையல் அத்தை, கரெக்டா வாங்கிட்டோம்! மாதிரி ஸ்க்ரூவ பக்கத்துல வச்சுப் பாத்துதான் எடுத்தேன். நாளைக்குக் கதவுக் கீல் மாட்டலாம்.”

தையல்காரி ஒரு சிறுவனுக்குப் பொத்தான் தைக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். டாக்டருக்குப் பின்னால் வாசல் வெறுமையாக இருந்தது.

“குருவி எங்கடி?”

“பின்னாடிதான் வந்தா...” டாக்டர் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு பாதியில் நின்றது. “பின்னாடிதானே வந்தா?”

குருவி தையல்காரியின் மகள். எட்டு வயது. வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர்.

கோடை விடுமுறையில் பிள்ளைகள் டிவி முன்னால் உருகிப் போகிறார்கள் என்று குடியிருப்புக்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த முகாம் அது. பணக்கார முகாம்களில் நீச்சலும் குதிரையும் இருக்கும். இங்கே இருந்தது தெருவில் இருந்தவர்களின் கைவேலைதான். சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுத்தார். டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, துடைத்துத் தேய்த்து, பசை தடவினால் அது காயும்வரை பொறுக்க வேண்டும். பொறுக்காமல் ஒட்டிய பிள்ளைகளின் ஒட்டெல்லாம் உரிந்து வந்தபோது, “டியூபுக்கும் நிதானம் வேணும்டா ராசா” என்று சிரித்தார். நர்ஸ் அக்கா காயத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள்.

கடைக்குப் போய்வருவதும் ஒரு பாடம். இரண்டு இரண்டு பேராகப் போக வேண்டும். வழியில் இருக்கிற கடைக்காரர்களிடம் முன்பே பேசி வைத்திருந்தார்கள். அந்தக் கடைகளின் வாசலில் தையல்காரி தைத்துக் கொடுத்த மஞ்சள் துணி தொங்கும். பிள்ளைகள் கிளம்பியதும் கடைக்காரர் நர்ஸ் அக்காவின் போனுக்குச் சொல்லிவிடுவார். ஜோடி பிரிந்து போனால், பிரிந்தவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். மஞ்சள் துணிக் கடைக்காரரோ முகாம் ஆளோ வந்து கூப்பிட்டாலொழிய யாருடனும் நகரக் கூடாது. நர்ஸ் அக்காவின் நம்பர் எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம்.

இந்தப் பாடம் வேண்டாம் என்று முதலில் சொன்னவளே தையல்காரிதான். “எல்லாரும் போறாங்க, நான் மட்டும் உன் முந்தானைலயே இருக்கணுமா?” என்று மகள் கேட்டதால் ஒத்துக்கொண்டாள்.

“ஹார்டுவேர்க்காரர் கிளம்பிட்டாங்கன்னு சொல்லி ரொம்ப நேரமாச்சே” என்றாள் நர்ஸ் அக்கா. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. “எந்த வழியா வந்தீங்க? உண்மையச் சொல்லு. யாரும் திட்டமாட்டாங்க.”

டாக்டர் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். “மார்க்கெட் சந்து வழியா. சீக்கிரம் வந்துடலாம்னு. அவ மெதுவா வந்தா. ஆமைன்னு சொல்லிட்டு நான் முன்னால நடந்தேன்.”

மார்க்கெட் சந்தில் மஞ்சள் துணி கட்டிய கடை ஒன்றுகூட இல்லை.

தையல்காரி ஊசியைக் கீழே போட்டது அவளுக்கே தெரியாது. நர்ஸ் அக்கா ஒரு பக்கம் ஓடினாள். சைக்கிள் கடைக்காரர் மற்ற பிள்ளைகளையெல்லாம் எதிரே இருந்த தன் கடைக்குள் கூட்டிப் போய் உட்கார வைத்து, தானும் கூடவே இருந்தார். டாக்டரையும் கையைப் பிடித்து இழுத்துப் போனார். தையல்காரி மார்க்கெட் சந்துக்குள் போனாள்.

வெயில் நேரம். சந்தில் கூட்டம். “எட்டு வயசுப் பொண்ணு, நீலச் சட்டை, பாத்தீங்களா?” என்று அவள் கேட்ட ஒவ்வொருவரும் ஒரு நீலச் சட்டையைப் பார்த்திருந்தார்கள். ஒருவர் கிழக்கே கை காட்டினார், ஒருவர் மேற்கே. அவள் இரண்டு பக்கமும் ஓடினாள். குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தின் விளிம்பில் குனிந்து பார்த்தாள். அடியில் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. அதில் அவள் முகம்தான் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

திரும்பி வந்தபோது அழுகிய கீரைத் தண்டுகளுக்கு நடுவில் ஒரு செருப்பைக் கண்டாள். சின்னது. வார் அறுந்திருந்தது. போன வாரம்தான் அந்த வாரை அவளே தைத்துக் கொடுத்திருந்தாள்.

செருப்பை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி ஒரு கடையின் படியில் உட்கார்ந்தாள். “கடவுளே, நான்தானே அனுப்பினேன்” என்று வாய் முணுமுணுத்தது. அதற்கு மேல் வேண்டிக்கொள்ளக்கூட அவளுக்குச் சொற்கள் வரவில்லை. சொற்கள் இல்லாத வேண்டுதலையும் கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பித்தான் இத்தனை காலம் வாழ்ந்திருந்தாள். இப்போது அந்த நம்பிக்கை நூல் போல மெலிந்து தொங்கியது.

“அத்தை...”

டாக்டர் நின்றிருந்தாள். அழுது மூக்கெல்லாம் சிவந்திருந்தது. பின்னால் மூச்சு வாங்கியபடி அவளுடைய அப்பா. சேதி கேட்டு சைக்கிள் கடைக்கு வந்தவர், மகள் கெஞ்சியதால் கூட்டி வந்திருந்தார்.

“உன்னாலதான்” என்று சொல்ல வாய் திறந்தாள் தையல்காரி. அந்தப் பிள்ளையின் கண்களில் தன்னுடைய பயம் அப்படியே இருப்பதைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். “வா, கண்ணு” என்று மட்டும் சொன்னாள்.

“அத்தை, குருவி நின்ன இடத்துலதான் நிப்பா. அவ ரூலை மீறமாட்டா. யார்கிட்டயாவது நம்பர் சொல்லிருப்பா. ஆனா அக்கா போனு ஹால்லயே மேசை மேல இருந்துச்சு, நான் பாத்தேன். ஹால்ல யாருமே இல்லையே?”

தையல்காரி அவளையே பார்த்தாள். பிரிந்தால் நில் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பெரியவர்கள் எல்லோரும் ஓடிவிட்டார்கள். கூப்பிடுகிற குரலுக்குப் பதில் சொல்ல ஒருவர்கூட நிற்கவில்லை.

மூவரும் ஹாலை நோக்கி ஓடினார்கள். வாசலிலேயே கேட்டது. காலி அறைக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. தையல்காரி மேசையை எட்டுவதற்குள் நின்றுவிட்டது. அந்த மௌனம் அவளைப் பள்ளத்தைவிட அதிகமாகப் பயமுறுத்தியது. மறுபடி அடித்தது.

“ஹலோ!”

“அப்பாடா, எடுத்தீங்களா!” முன்பின் தெரியாத ஆண் குரல். “எத்தனை தடவைம்மா அடிக்கிறது? இங்க ஒரு பொண்ணு...”

“யார் நீங்க? என் பொண்ணு எங்க? என்ன செஞ்சீங்க அவளை?”

“நான் ஒண்ணும் செய்யலம்மா, அவதான் என்னைப் போட்டுப் பாடா படுத்துறா. நான் போர்டு எழுதுறவன். சந்து முடியுற இடத்துல, பழைய தியேட்டருக்குப் பின்னாடி, மூடின கடைக்கு முன்னால நிக்கிறா. வான்னு கூப்பிட்டா, ‘உங்க கடைல மஞ்சத் துணி இருக்கா’ன்னு கேக்குறா. எனக்குக் கடையே இல்லையேம்மா, ஏணிதான் இருக்கு! தனியா விட்டுட்டும் வர முடியல. நீங்களே வாங்க. இருங்க, பேசுறா.”

“அம்மா?” என்றது சின்னக் குரல். “நான் நகரவே இல்லம்மா.”

தையல்காரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் அவள் தோளைத் தொட்டு, “நீ போம்மா. போன் பக்கத்துல நான் இருக்கேன். அவ மறுபடி கூப்பிட்டா பேச ஆள் வேணும்ல” என்றார். குருவி காணாமல் போனதிலிருந்து அந்த ஹாலில் ஒரு பெரியவர் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

தியேட்டருக்குப் பின்னால் நிழல் என்று எதுவுமில்லை. ஏணியின் இரண்டு படிகளுக்கு நடுவே பெயிண்ட் கறை படிந்த விரிப்பு கட்டப்பட்டிருந்தது. அதன் சிறு நிழலில் குருவி நின்றாள். கால்களில் அவள் அளவுக்கு இரண்டு மடங்கு பெரிய ரப்பர் செருப்புகள். செருப்புக்குச் சொந்தக்காரர் வெறுங்காலோடு சூடான சிமெண்டில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பாதி எழுதிய போர்டில் பெயிண்ட் கோடாக வழிந்து காய்ந்திருந்தது.

குருவி அம்மாவைக் கண்டதும்தான் அழ ஆரம்பித்தாள். தையல்காரி அவளைத் தூக்கிக்கொண்டாள். எவ்வளவு இறுக்கினாலும் போதவில்லை.

“செருப்பு வார் அறுந்துச்சும்மா. எல்லாரும் தள்ளிட்டாங்க. டாக்டரைத் தேடி வேற பக்கம் வந்துட்டேன். அப்பதான் ரூல் ஞாபகம் வந்துச்சு.”

“ஐயா, உங்க வேலை கெட்டுப்போச்சே” என்றாள் தையல்காரி. அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

“எழுத்தைச் சுரண்டிட்டு மறுபடி எழுதிக்கலாம்மா” என்றார் அவர், செருப்பைப் போட்டுக்கொண்டு. “ஆனா உங்க பொண்ணு என்கிட்ட பேசின பேச்சுக்கு நான்தான் காசு வாங்கணும். காது வலிக்குது.”

சாயங்காலம் பெற்றோர் ஹாலில் கூடினார்கள். சத்தம் பெரிதாக இருந்தது. தையல்காரி கேட்டுக்கொண்டபடி போர்டு எழுதுபவரும் வந்து வாசலில் நின்றிருந்தார். கடைப் பாடத்தை நிறுத்திவிடலாம் என்றார்கள் பலர். டாக்டரின் அப்பா, “என் பொண்ணு இனிமே வரமாட்டா. எனக்கே வெக்கமா இருக்கு” என்றார். டாக்டர் மூலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

எல்லோரும் தையல்காரியைப் பார்த்தார்கள். அவள் நிறுத்து என்றால் நின்றுவிடும். அவளுக்கும் அதைச் சொல்லத்தான் ஆசை.

“பிள்ளைங்க தப்பு பண்ணாங்க, உண்மைதான்” என்றாள் மெதுவாக. “ஆனா எங்க நிக்கணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சுது. நமக்குத்தான் தெரியல. எனக்குப் பயம் போகல. போகும்னும் தோணல. ஆனா நாளைக்கு இதே ரெண்டு பேரும் போகட்டும். மார்க்கெட் சந்து வேண்டாம். மஞ்சத் துணி இன்னும் நாலு தைக்கிறேன்.” வாசல் பக்கம் திரும்பினாள். “ஏணிலயும் ஒண்ணு கட்டலாம், உங்களுக்கு ஒத்து வந்தா.”

“கட்டுங்க, கட்டுங்க. அப்பவாவது என்னை நம்பட்டும்” என்றார் அவர்.

டாக்டர் தலை தூக்கினாள். குருவி எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எதுவும் பேசாமல் தோளோடு தோள் இடித்தாள். குருவி பேசாமல் இருந்ததை அன்றுதான் பலர் பார்த்தார்கள்.

மறுநாள் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு கிளம்பினார்கள். நர்ஸ் அக்கா மற்ற பிள்ளைகளுக்குக் கட்டு போடக் காட்டிக்கொண்டிருந்தாள். தையல்காரி போன் இருந்த மேசைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எழுந்து ஜன்னலுக்குப் போக வேண்டும் என்று உடம்பெல்லாம் இழுத்தது. ஓடுவது எவ்வளவு எளிதாக இருந்தது என்று நினைத்துக்கொண்டாள். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி, அவள் உட்கார்ந்தே இருந்தாள்.