இங்குன் ட்வைட் என்ற பெயரில்

பெர்கன் பல்கலைக்கழகத்தில், கடலியல் துறை அலுவலகத்தில் எனக்கு வேலை. யார் பெயரிலாவது சொற்பொழிவு தொடங்கினால் அதன் விதிமுறையை எழுதுவது நான்தான். துறைக்குழு ஒப்புக்கொண்ட பிறகு பெயரை மாற்றுவது லேசில் நடக்காது. ஆகவே ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்ப்பேன்.

ஓய்வுபெற்ற பேராசிரியர் ஹால்வார்ட் ரோய்சே, இறந்துபோன தன் மனைவிக்காக ஒரு வரைவு அனுப்பியிருந்தார். "இங்குன் ரோய்சே நினைவுச் சொற்பொழிவு: கணவரின் ஆய்வுகளுக்கு உறுதுணையாக நின்றவரின் நினைவாக."

நூலகப் பட்டியலில் இங்குன் ரோய்சே என்று யாருமே இல்லை. திருமணத்துக்கு முந்தைய பெயரான இங்குன் ட்வைட் என்று தேடினேன். நீரோட்டங்கள் பற்றிப் பதினோரு கட்டுரைகள் வந்தன. 1983க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. ஹால்வார்டுக்குப் பேர் வாங்கித் தந்த நீரோட்ட வரைபடம் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். எனக்கு உறுத்தியது.

துறைத்தலைவர் ஷூரிடம் சொன்னேன்.

"குன்வோர், உனக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம்தான். பொண்டாட்டி பேரு புருஷனுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் இடிக்குது."

சொற்பொழிவுக்கான பணம் இங்குன் உயிலில் விட்டுப்போனது. உயில் நன்கொடை என்றால் உயிலின் நகல் கட்டாயம். ஹால்வார்டிடம் மூன்று முறை கேட்டேன். ஒரு தடவை தேடுகிறேன் என்றார், இன்னொரு தடவை வழக்கறிஞர் ஊரில் இல்லை என்றார். கடைசியில் குழுவின் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிடப் போகிறேன் என்று எழுதினேன். மறுநாள் அவரே உயிலோடு வந்து நின்றார்.

உயிலில் இதைப் பற்றி ஒரே வரி: "ஆண்டுதோறும் என் பெயரில் ஒரு சொற்பொழிவு நடக்க வேண்டும்." கீழே கையெழுத்து: இங்குன் ட்வைட்.

"அவங்க உங்க பேரை வச்சுக்கவே இல்லையா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் இப்ப வைக்கிறீங்க?"

மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ட்வைட்னு போட்டா அவ கட்டுரையைத் தேடிப் படிப்பாங்க. படிச்சா, அந்த வரைபடத்துல பாதி அவளோடதுன்னு தெரிஞ்சுபோகும்."

"பாதியா?"

ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"பாதிக்கு மேல," என்றார். "அது குழந்தை பொறந்த வருஷம். வரைபடத்துல என் ஒத்தப் பேரே போதும்னு அவதான் சொன்னா. நான் மறுத்திருக்கணும்."

அவள் உண்மையிலேயே சொன்னாளா? கேட்டுப் பார்க்க அவள் இல்லை. நான் அதை நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. ஆனால் என் வேலை விதிமுறை எழுதுவது.

'உறுதுணை' வரியை அடித்துவிட்டு எழுதினேன்: "கடலியலாளர் இங்குன் ட்வைட் நினைவுச் சொற்பொழிவு: நீரோட்ட ஆய்வுக்கு அவர் அளித்த பங்களிப்பின் நினைவாக."

அவர் இரண்டு முறை படித்தார். "கேள்வி கேப்பாங்களே, குன்வோர்."

"கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

கையெழுத்திட்டார். குழு ஐந்து நிமிடத்தில் ஒப்புதல் தந்தது.

முதல் சொற்பொழிவுக்கு ஹால்வார்ட் வரவில்லை. முதல் வரிசையில் அவருக்காகப் போட்டிருந்த நாற்காலியில் இங்குனின் மகள் வந்து உட்கார்ந்தாள். பேச்சாளர் முதல் படமாக அந்த வரைபடத்தைத்தான் திரையில் காட்டினார்.