பழைய சிம்மிலிருந்து வந்த பதில்

பாலத்தின் மேல் அவள் புருஷனுடைய பைக்கும் செருப்பும் மட்டும் கிடைத்து அரை வருஷம் ஆகப்போகிறது. ஆற்றில் தேடிப் பார்த்துக் கைவிட்டார்கள். ஊர், உறவு எல்லாம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று முடிவுகட்டி அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. அவள் மட்டும் மாதம் தவறாமல் அவருடைய நம்பருக்கு ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தாள்.

"செத்தவருக்கு எதுக்கு அண்ணி டேட்டா?" என்று கொழுந்தன் ஒரு நாள் கேட்டே விட்டான். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவளுக்குக் கோபம் வரவில்லை. தினமும் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை ஆய்வகத்துக்குக் கிளம்பும் முன் அந்த நம்பரை அழைப்பாள். சுவிட்ச் ஆஃப் என்று ஒரு பெண்குரல் சொல்லும். அந்தக் குரலைக் கேட்டால்தான் அடுத்தவர் கையில் ஊசி குத்த அவளுக்குத் தைரியம் வரும். நம்பர் இன்னும் அவருடையதாக இருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

போன் விஷயத்தில் அவர் ஒரு தினுசு. யார் அழைத்தாலும், யாரை அழைத்தாலும், பேசும் முன் போனில் 'ஃபூ, ஃபூ' என்று இரண்டு தடவை ஊதுவார். "அடுப்பா ஊதறீங்க?" என்று அவளும் மகளும் கேலி செய்யாத நாள் கிடையாது. ஊதினால்தான் லைன் சுத்தமாகும் என்று முகத்தைச் சுளிக்காமல் சொல்வார்.

இப்போது அந்த நம்பர் வேண்டியிருந்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் வந்திருந்தது. ஆனால் விண்ணப்பத்தில் கொடுத்தது அப்பாவின் நம்பர். இடத்தை உறுதி செய்யும் ரகசிய எண் அதற்குத்தான் வரும். நம்பரை மாற்றலாம் என்றால், மாற்றவும் அதே நம்பருக்கு ஒரு எண் வரும். நாளை மறுநாள் ராத்திரிக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் அடுத்தவளுக்கு.

முதலில் கொழுந்தன்தான் சிம் கம்பெனி அலுவலகத்துக்குப் போனான். தன் அடையாள அட்டையை நீட்டினான். நம்பர் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் நேரில் வரணும், தம்பி, அண்ணன் கதையெல்லாம் இங்கே செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம்பர் அவள் பேரில் இருந்தது. வாங்கின சமயத்தில் அவருடைய அட்டையில் முகவரி தப்பாக இருந்ததால் இரண்டு பேர் சிம்மையும் அவள் பேரிலேயே எடுத்திருந்தார்கள். ஆகவே மறுநாள் அரை நாள் லீவு போட்டு அவளே போனாள்.

கவுண்டரில் இருந்த பெண் அட்டையை வாங்கி நம்பரோடு ஒத்துப்பார்த்தாள். "தொலைஞ்சதுமே பிளாக் பண்ணச் சொல்லியிருக்கணும்ல, அக்கா? யார் கையிலயாவது கிடைச்சா?"

விரலை வைக்கச் சொன்னார்கள். நாளெல்லாம் கையைக் கழுவிக் கழுவி ரேகை தேய்ந்திருந்தது, கருவி ஏற்கவில்லை. துடைத்துத் துடைத்து வைத்ததில் நாலாவது விரல் ஏற்றது. பிறகு கேமராவைப் பார்க்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அவளுடைய சொந்த நம்பருக்கு ஒரு எண் வந்தது, அதையும் சொன்னாள்.

"இப்ப பழைய சிம்முக்கு ஒரு மெசேஜ் போகும். புது சிம் நீங்க கேக்கலன்னா வேண்டாம்னு பதில் அனுப்புங்கன்னு. திருட்டுத்தனமா யாரும் உங்க நம்பரை எடுத்துடக் கூடாதுன்னு ஒரு ஏற்பாடு. உங்களுது தொலைஞ்சதுதானே, பதில் வராது. கொஞ்ச நேரம் உக்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். மின்விசிறிக்குக் கீழே நாலைந்து பேர் டோக்கனோடு காத்திருந்தார்கள். கவுண்டர் பெண் இன்னொருவரிடம் பேசிக்கொண்டே திரையைப் பார்த்தவள், பேச்சை நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க கோரிக்கை ரத்தாயிடுச்சு."

"ஏன்?"

"பழைய சிம்ல இருந்து பதில் வந்திருக்கு. வேண்டாம்னு."

அவளுக்கு வந்தது பயம்தான். அரை வருஷமாக அவர் பேசமாட்டாரா என்று ஏங்கியவளுக்கு, பதில் வந்ததும் ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

மேலாளர் வந்தார். யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள் என்றார். திருடன் வேண்டாம் என்று பதில் போடுவானா, தூக்கிப் போட்டுவிட்டுப் போவானா என்று அவள் கேட்டதும், அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "நம்பர் உங்க பேர்ல இருக்கும்மா. மறுபடி விரல், படம் எல்லாம் எடுத்து, தொலைஞ்சதா எழுதிக் கொடுத்தீங்கன்னா அந்த சிம்மை முதல்ல பிளாக் பண்ணிட்டு புதுசு தருவோம். பிளாக் பண்ணின நிமிஷமே அது செத்துப்போயிடும். அதுல இருந்து யாரும் எதுவும் அனுப்ப முடியாது, அதுக்கு எதுவும் வரவும் வராது. யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் வெளியே வராந்தாவில் நின்று அந்த நம்பரை அழைத்தாள். மணி அடித்தது. இத்தனை நாள் கழித்து மணி அடித்தது. யாரோ துண்டித்தார்கள். தன் போனிலிருந்து எழுதினாள்: 'பிள்ளை படிப்புக்கு இந்த நம்பர் வேணும். நிறுத்தப் போறேன். பேசணும்னா இப்பவே பேசுங்க.' மெசேஜ் போய்ச் சேர்ந்ததாகக் காட்டியது. டோக்கன் எண்கள் ஒவ்வொன்றாக ஓடின. போன் வாய் திறக்கவில்லை.

பேசாமல் இருப்பதற்கு மட்டும் உங்களுக்கு என் நம்பர் வேணுமா என்று மனசுக்குள் ஒரு கோபம் மூண்டது. அந்தக் கோபம் இல்லாவிட்டால் அவள் உள்ளே போயிருக்கவே மாட்டாள். போய் நாலாவது விரலை வைத்தாள்.

புது சிம் சாயங்காலம் உயிர் பெற்றது. பாதுகாப்புக்காக ஒரு நாள் முழுக்க மெசேஜ் மட்டும் வராது, போன் பேசலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். பழைய பட்டன் போனில் அதைப் போட்டுச் சமையல் மேடையில் வைத்தாள். விளக்கேற்றுகிற நேரத்தில் அது அடித்தது. தெரியாத எண்.

எடுத்தாள். சத்தமில்லை. பிறகு, 'ஃபூ, ஃபூ.'

அவள் மேடையைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தன் செத்துவிட்டானா என்று பார்க்க வருகிறவன் மாதிரி, தன் நம்பர் செத்துவிட்டதா என்று பார்க்கத் தானே அழைத்திருக்கிறார்.

"நான்தான்," என்றாள். "எங்க இருக்கீங்கன்னு கேக்க மாட்டேன். ஏன்னு மட்டும் சொல்லுங்க."

மூச்சு கேட்டது. லைன் துண்டிக்கப்பட்டது. திரும்ப அழைத்தால் சுவிட்ச் ஆஃப், அதே பெண்குரல். அன்று ராத்திரி அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. இருக்கிறார் என்ற சந்தோஷமும், இருந்துகொண்டே இல்லாமல் போனாரே என்ற வயிற்றெரிச்சலும் ஒன்றையொன்று தூங்கவிடவில்லை.

மறுநாள் சாயங்காலம் மெசேஜ் வரத் தொடங்கியது. ரகசிய எண் வந்தது, மகள் அதைத் தட்டினாள், இடம் உறுதியானது. அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, முகம் கழுவித் தன் அறைக்குப் போனாள். இவள் கூடத்தில் பட்டன் போனை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மடியில் போன் அதிர்ந்தது. மகளின் எண்ணிலிருந்து: 'அப்பா, சீட் உறுதியாயிடுச்சு. இன்னிக்கு அம்மா ரொம்ப நாள் கழிச்சு சிரிச்சா. நாளைக்கு மீதியைச் சொல்றேன்.'

நாளைக்கு மீதி. அப்படியென்றால் தினமும் அந்த நம்பருக்கு எழுதியிருக்கிறாள். புது சிம் வேண்டாம் என்று அவர் ஏன் சொன்னார் என்பது அப்போதுதான் புரிந்தது.

அதிர்ந்த சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும். மகள் வாசற்படியில் வந்து நின்றாள். அம்மாவின் மடியைப் பார்த்தாள், தன் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"இப்ப அது உன்கிட்டதானே வரும். பழக்கதோஷத்துல அனுப்பிட்டேன்," என்றாள். குரல் இறங்கியது. "அம்மா, இத்தனை நாளும் நான் அனுப்பினதெல்லாம் போய்ச் சேர்ந்துச்சுன்னுதான் காட்டுச்சு. சுவிட்ச் ஆஃப் பண்ணின போனுக்கு எப்படிப் போய்ச் சேரும்னு நான் யோசிக்கவே பயந்தேன். யார் படிச்சாங்க?"

அம்மாவுக்குப் பொய் சொல்ல நேரம் இருந்தது.

"உங்கப்பாதான்," என்றாள். "நேத்தோட அதை நான் நிறுத்திட்டேன்."