மட்டாழிமேடு

எல்லம்மாள் கொண்டுவந்த மஞ்சள் பையில் இரண்டு பொருள்கள்தான் இருந்தன. ஒன்று, நான்கு ஏடுள்ள பழைய ஓலைக்கட்டு. இன்னொன்று, மடித்த இடமெல்லாம் கிழியத் தொடங்கிவிட்ட ஓர் இங்கிலீஷ் தாள். சின்ன காஞ்சிபுரத்தில் கண்ணாயிரத்தின் வீட்டுக் கூடத்து மேஜைமேல் இரண்டையும் வைத்துவிட்டு, கதவோரம் போய் நின்றுகொண்டாள். அது 1969ஆம் வருஷத்து ஆடி மாதம். பக்கத்து வீட்டில் தறி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"உக்காரும்மா."

"இருக்கட்டும்யா. நின்னுக்கினே சொல்றேன்."

கண்ணாயிரம் முப்பது வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வக்கீல்களுக்கும் கட்சிக்காரர்களுக்கும் பழைய பத்திரங்களை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்து வந்தார். அவர் கையெழுத்துப் போட்ட தாளை எந்த வக்கீலும் மறுத்துப் பேசியதில்லை என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சை முதலில் கிளப்பிவிட்டவர் அவரேதான் என்றும் ஒரு பேச்சு உண்டு.

எல்லம்மாள் முசரவாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சேரியிலிருந்து வந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். "எங்க ஊருக்கு வெளியில பானைமேடுன்னு ஒரு மேடு இருக்குதுய்யா. எங்க ஜனங்களைப் புதைக்கிறதுக்குன்னு அந்தக் காலத்துல எழுதிக் குடுத்த ஓலை இது. நாப்பத்தொம்பதுல பண்ணைக்காரரு அது என்னுதுன்னு வேலி போட்டாரு. கேஸ் போட்டோம், தோத்துப்பூட்டோம். இப்ப அவரு புள்ள செங்கல் சூளை வைக்கப்போறாராம். மேட்டையே வெட்டி எடுத்துடுவாங்க. ஆபீசரு அய்யாகிட்ட மனு குடுத்தோம். ஓலையைப் புதுசா இங்கிலீசுல எழுதிக்கினு திங்கக்கெழமை வான்னு சொல்லிட்டாரு."

"இப்ப யாராவது செத்தா எங்க வைக்கிறீங்க?"

"ஏரி உள்வாயில. தண்ணி ஏறிச்சின்னா அடிச்சிக்கினு பூடும்." கடையில் எண்ணெய் விலை சொல்வதுபோல அதைச் சொன்னாள். "எங்க வூட்டுக்காரரை அங்கதான் வெச்சோம். அம்பத்தஞ்சு மழையில தண்ணியோட பூட்டாரு."

கண்ணாயிரம் இங்கிலீஷ் தாளைப் பிரித்துப் பார்த்தார். கடைசி வரிக்குக் கீழே, கோர்ட் முத்திரைக்குப் பக்கத்தில் இருந்தது அவருடைய கையெழுத்து.

அவளுக்கு அது தெரியாது. சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவைத்தார்.

பழைய தாளை மறுபடியும் படித்தார். தன் இங்கிலீஷ் நன்றாகத்தான் இருந்தது என்று அப்போதும் ஒரு திருப்தி வந்தது, மனுஷன் அப்படி. 'மட்டாழிமேடு என்னும் ஊரைச் சுற்றியுள்ள இரண்டு காணி நிலம், இவர்கள் பிணமிடுவதற்காக' என்ற பொருளில் எழுதியிருந்தார். ஊர்ப்பெயருக்குப் பெரிய எழுத்தும் போட்டிருந்தார்.

அந்தப் பெரிய எழுத்துதான் கேஸைத் தோற்கடித்தது. மேல்கோர்ட்டில் தீர்ப்பு எழுதியவர் ஓலையைப் பார்க்கவில்லை. இங்கிலீஷ் தாளைத்தான் பார்த்தார். மட்டாழிமேடு என்று ஓர் ஊர் தாலுகாவில் எங்கும் இல்லை. சேரிக்காரர்கள் கேட்பதோ பானைமேடு. ஆக, தானம் கொடுத்த நிலம் வேறு, இவர்கள் கேட்கும் நிலம் வேறு என்று முடிந்துபோயிற்று.

பழைய ஓலையில் புள்ளி கிடையாது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. ஒரு வரி முழுவதும் ஒரே சரம். அதை அப்படியே வைத்துக்கொண்டு அகராதியைத் திறந்தால் ஒன்றும் அகப்படாது. முதலில் பதம் பிரிக்க வேண்டும். சொற்கள் சேரும்போது நடுவில் வந்த எழுத்தைத் தள்ள வேண்டும். கெட்டு மறைந்ததையும் திரிந்து மாறியதையும் பழையபடி நிறுத்த வேண்டும். அதற்கப்புறம்தான் எந்தச் சொல்லை எந்த எழுத்தில் தேடுவது என்று தெரியும். கண்ணாயிரம் ஒவ்வொரு கூட்டுச்சொல்லுக்கும் ஒரு துண்டுச்சீட்டு எழுதுவார். சேர்ந்த உருவம், பிரித்த உருவம், அகராதியில் தேட வேண்டிய சொல் என்று மூன்று வரி. சீட்டு இல்லாமல் ஒரு சொல்லையும் அவர் தாளில் ஏற்றுவதில்லை என்பது அவருடைய இன்னொரு பெருமை.

புதுச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

'மட்டாழிமேட்டைச்சுற்றியவிருகாணியுமிவர்கள்பிணமிடுதற்காக.' கடைசியிலிருந்து தொடங்கினார். பிணமிடுதற்காக என்பது பிணம், இடுதற்கு, ஆக. தேட வேண்டியது 'இடு'. காணியுமிவர்கள் என்பது காணியும், இவர்கள். சுற்றியவிரு என்பதில் நடுவிலிருக்கும் வகரம் இரண்டு உயிர்களை இணைக்க வந்த மெய். 'விரு' என்று தேடிப் பிரயோஜனமில்லை. அதைத் தள்ளினால் சுற்றிய, இரு. மேட்டை என்பதில் வேற்றுமை உருபைக் கழற்றி, இரட்டித்த டகரத்தைக் குறைத்தால் மேடு. எல்லாம் கை பழகிய வேலை.

மிச்சம் மட்டாழி. அகராதியில் அப்படி ஒரு சொல் இல்லை. மட்டு, ஆழி என்று பிரித்தால் புணர்ச்சி சரிதான். மட்டு என்பதன் உகரம் கெட்டு ஆழியோடு சேரும். ஆனால் அளவு, கடல் என்று வருகிற பொருளை ஒரு மேட்டின் தலையில் எப்படி வைப்பது? அன்றைக்கு இந்த இடத்தில்தான் அவர் அகராதியை மூடியிருக்க வேண்டும்.

இன்றைக்கு மூடவில்லை. மட், டாழி என்று வெட்டிப் பார்த்தார். தமிழில் எந்தச் சொல்லும் டகரத்தில் தொடங்காது. ஆகவே அந்த டகரம் பிறவியிலேயே டகரம் அல்ல. தகரமாக இருந்து, முன்னால் நின்ற மெய்யால் மாறியது. தகரத்தை அப்படி மாற்றுவது ணகரமும் ளகரமும். ளகரத்தை வைத்தால் மள், பொருந்தவில்லை. ணகரத்தை வைத்தார்.

மண். தாழி.

தகரப் பகுதிக்குப் போய்த் தாழியைத் தேடி எடுத்தார். வாயகன்ற பெரிய பானை. முற்காலத்தில் பிணத்தை வைத்துப் புதைத்த சாடி. ஓலை எழுதிய கணக்கன் இலக்கணம் படித்த மனுஷன் போலிருக்கிறது. பானைமேடு என்று எழுதக் கூச்சப்பட்டு மட்டாழிமேடு என்று எழுதிவைத்தான். அவன் ஊர்ப்பெயர் எதுவும் எழுதவில்லை. மண்பானைகள் புதைந்த மேடு என்றுதான் எழுதினான். அந்த ஊரை உண்டாக்கியவர் கண்ணாயிரம்.

எழுந்து பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினார். ஒவ்வொரு கேஸின் சீட்டுகளையும் நூலில் கோத்துக் கட்டிவைத்திருந்தார். அந்தக் கேஸின் கட்டும் இருந்தது. பண்ணைக்காரர் தரப்புப் பத்திரங்களுக்கு எண்பத்தேழு சீட்டுகள், மணிமணியாக. சேரிக்காரர்கள் ஓலைக்கு ஒரு சீட்டுகூட இல்லை.

மறந்துபோனேன் என்றோ ஓலை செல்லரித்திருந்தது என்றோ சொல்லிக்கொள்ள இப்போது வழியில்லை. எட்டணாக் கூலிக்காரர்கள் கொண்டுவந்த நாலு ஏட்டுக்கு இவ்வளவு போதும் என்று நினைத்திருக்கிறார். அப்படி நினைத்ததுகூட ஞாபகம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"என்னங்க, சாப்பிட வரலையா?" என்று உள்ளேயிருந்து மனைவி பூவம்மாள் கேட்டாள்.

"பசி இல்ல," என்றார். ஒரு வழி இருக்கத்தான் செய்தது. புது மொழிபெயர்ப்பைச் சரியாக எழுதி, கையெழுத்துப் போடாமல் வேறு யாரிடமாவது கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் பழைய தாளில் கோர்ட் முத்திரை இருக்கிறது. இரண்டும் முட்டினால் எந்த அதிகாரியும் முத்திரையைத்தான் நம்புவார். முத்திரை போட்ட தாள் தப்பு என்று, அதை எழுதினவன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை எல்லம்மாள் வந்தபோது, "திங்கக்கிழமை நானும் வரேன்," என்று மட்டும் சொன்னார்.

அதிகாரி இளைஞர். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பண்ணைக்காரர் மகன் பரசுராமன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எல்லம்மாளும் சேரி ஜனம் நாலு பேரும் சுவரோரம் நின்றார்கள்.

"ரெண்டுமே உங்க கையெழுத்தா?" என்றார் அதிகாரி.

"ஆமாம் சார். முதலாவது தப்பு."

"இவங்க ஏதோ குடுத்துப் பேச வெச்சிருக்காங்க சார்," என்றான் பரசுராமன்.

கண்ணாயிரம் கொண்டுவந்த சீட்டுக்கட்டை மேஜைமேல் வைத்தார். "உங்க அப்பா பத்திரத்துக்கு எண்பத்தேழு சீட்டு எழுதினேன் தம்பி. எண்ணிப் பாரு. இவங்க ஓலைக்கு நான் ஒண்ணும் எழுதல. சொல்லைப் பிரிச்சுப் பார்க்காம, அகராதியில இல்லைன்னு ஊர்ப்பெயரா ஆக்கிட்டேன். அப்படி ஓர் ஊர் கிடையாது."

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினார். "இதை எழுதிக் குடுத்தீங்கன்னா, உங்க கையெழுத்தால கேஸ் தோத்தவன் ஒவ்வொருத்தனும் நாளைக்கு உங்க வாசல்ல நிப்பான். தெரியுமில்ல?"

"தெரியும் சார்." எழுதிக் கொடுத்தார்.

அன்று பிற்பகலே அதிகாரி மேட்டைப் பார்க்கப் போனார்; சேரி ஜனங்களோடு கண்ணாயிரமும் போனார். வேலிக்குள் சூளைக்காக ஒரு மூலையை ஏற்கெனவே வெட்டத் தொடங்கியிருந்தார்கள். வெட்டின மண்சுவரில், ஒரு முழ ஆழத்தில், கறுப்பும் சிவப்புமாக ஒரு பெரிய பானையின் வாய் வளைந்து தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதிகாரி குனிந்து மண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சூளை வேலை இன்னியோட நிறுத்தணும்," என்று பரசுராமனிடம் சொன்னார். ஓலையில் சொன்ன இரண்டு காணியையும் அளக்கும்படி சர்வேயருக்கு அங்கேயே உத்தரவு எழுதினார். சேரி ஜனங்கள் சத்தம் போடவில்லை. ஒரு கிழவர் மட்டும் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஜீப் போன பிறகு எல்லம்மாள் கண்ணாயிரத்திடம் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து அவர் கூசினார். கொஞ்சம் எதிர்பார்க்கவும் செய்தார்.

"அய்யா, ஒண்ணு கேக்கறேன். அந்த வார்த்தையை இப்ப பிரிச்சீங்களே, எவ்ளோ நேரம் ஆச்சு?"

இரண்டு நாள் என்று சொல்லியிருக்கலாம். கஷ்டமான சொல், பெரிய பண்டிதர்களே தடுமாறுவார்கள் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"கால் மணி நேரம் ஆச்சும்மா," என்றார்.

எல்லம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி, மேட்டுக்குக் கீழே வெயிலில் வெடித்துக் கிடந்த ஏரியின் உள்வாயைப் பார்த்தாள். அங்கே ஒரு குழிக்கும் அடையாளம் இல்லை.

"பதினாறு பேருய்யா," என்றாள். "எங்க வூட்டுக்காரரோட சேத்து பதினாறு பேரு."