கியர்பாக்ஸ் யாரிடம் நிற்கிறது

மேலாளர் நாற்காலி என் மச்சினனுக்குப் போனதிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். மறைப்பானேன்? என் மனைவியின் தம்பி அவன். இந்தக் கம்பெனியில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். பழைய மேலாளர் போன பிறகு பொறுப்பு மேலாளராக எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்தவனும் நான்தான். நாற்காலி மட்டும் அவனுக்கு. வீட்டில் அவள் வாய்க்கு வாய் "என் தம்பி, என் தம்பி" என்றாள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

நான் பொறுப்பிலிருந்து இறங்கும் சமயம் பார்த்து, பேக்கிங் பகுதியில் கன்வேயரின் கியர்பாக்ஸ் உடைந்தது. பேக்கிங் சூப்பர்வைசர் அக்கா உடனே சிஸ்டத்தில் கொள்முதல் கோரிக்கை போட்டார். அனுமதி கிடைத்து அது ஆர்டராக மாறினால்தான் சப்ளையர் அசைவார். ஆனால் அக்கா எப்போது பார்த்தாலும் 'அனுமதிக்குக் காத்திருக்கிறது' என்றே இருந்தது. பெண்கள் பெட்டிகளைக் கையால் தூக்கினார்கள். ஒருத்திக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மச்சினன் தன் அறைக்குக் கேட்ட புது மேஜைக்கு மட்டும் மேலிடத்திலிருந்து உடனே அனுமதி வந்துவிட்டது.

எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. மாட்டினான் என்று நினைத்தேன்.

"அவன்தான் அமுக்கி வெச்சிருக்கான். வாங்க, காட்டுறேன்" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி.

அக்காவுக்கு நிலவரம் மட்டும்தான் பார்க்கத் தெரியும். கோரிக்கை எண்ணைத் திறந்தால் உள்ளே யார் யார் அனுமதித்தார்கள், இப்போது யாரிடம் நிற்கிறது என்று வரிசையாகத் தெரியும். பெரிய வாத்தியார் மாதிரி அதைத் திறந்தேன். முதல் வரியிலேயே என் பெயர் நின்றது. பொறுப்பு மேலாளர், அனுமதி நிலுவை.

ஆள் மாறினாலும், ஏற்கெனவே ஒருவரிடம் வந்த கோரிக்கை அவரிடமே நிற்கும். புதிதாகப் போடுபவைதான் புது ஆளிடம் போகும். தெரிந்த விஷயம்தான். அவனுடைய பதவி அறிவிப்பு வந்த அன்று, ஆத்திரத்தில், அனுமதி மெயில் எதுவும் இனி என் கண்ணிலேயே படாதபடி வேறு ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டிருந்தேன். அதில்தான் இதுவும் போயிருக்கிறது. இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து மச்சினன் வந்தான்.

"அத்தான், உங்களைத்தான் தேடுனேன். கியர்பாக்ஸ் கோரிக்கை உங்க பேர்ல நிக்கிறது இன்னைக்குக் காலையிலதான் கண்ணுல பட்டுச்சு. என் பேருக்கு மாத்திடவான்னு ஐடியில கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன், உங்ககிட்ட வந்தது, நீங்களே முடிச்சாத்தான் மரியாதைன்னு."

அவன் கத்தியிருந்தால் தேவலை. நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறானே என்று பற்றிக்கொண்டு வந்தது. அனுமதியை அழுத்தினேன். கோரிக்கை நிதிப் பிரிவுக்கு நகர்ந்தது. என் அனுமதிப் பெட்டி காலியாகிவிட்டது.

இனி அதில் எதுவும் வராது. நான் மேலாளராக இருந்ததற்கு மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான்.